டார்ச் வெளிச்சம்

திருப்பூரில் நொய்யல் பாலத்தை ஒட்டிய பனியன் கம்பெனி கேட்டில் வேலுச்சாமிக்கு இரவுக் காவல். ஊர் கோவில்பட்டிப் பக்கம். வந்து எட்டு மாதமாகியும் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. இருந்தது பட்டன் போனில் எஃப்.எம். மட்டும். இயர்போன் வயர்தான் அதற்கு ஏரியல். வயர் கொஞ்சம் மடங்கினாலும் இரைச்சல்தான்.

மணி ஒன்று இருக்கும். ஒரு பெண் குரல் எஃப்.எம். நிகழ்ச்சிக்குப் போன் போட்டுப் பேசியது.

"தையல் வேலை முடிஞ்சு ராத்திரி பாலத்து வழியாத்தான் நடந்து வருவேனுங்க. கம்பெனி கேட்டுல இருக்கற அண்ணன், நான் தாண்டற வரைக்கும் டார்ச் அடிச்சுட்டே நிப்பாருங்க. பேரு தெரியாது. இந்தப் பாட்டு அவருக்குங்க."

வேலுச்சாமி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். நாய்கள் கடித்துவிடக் கூடாதே என்றுதான் டார்ச் அடிப்பார். அந்தப் பிள்ளை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

பாட்டு தொடங்கியது. இரைச்சல் வந்துவிடாமல் வயரை நீட்டிப் பிடித்தபடி, முடியும் வரை அப்படியே நின்றார். அப்புறம் டார்ச்சிலிருந்த பழைய பேட்டரிகளைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டார்.