விலங்கியல் துறைக்கு வாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். பெசன்ட் நகர் கடற்கரை உங்களுக்குத் தெரியும். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் பங்குனி ஆமைகள் அங்கே கரையேறி, மணலைத் தோண்டி நூறு முட்டை போல இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்!

எங்கள் பாடத்தின் பெரும்பகுதியை இந்த ஆமையை வைத்தே சொல்லிவிடலாம். பல்லியோடும் பாம்போடும் அதை ஊர்வனவில் சேர்ப்பது வகைப்பாட்டியல். முட்டைக்குள் உடல் உருவாவது கருவியல். கால் துடுப்பானது பரிணாமம். வெப்பம் ஏறிக்கொண்டே போனால் ஆண் ஆமைகள் குறைந்துவிடுமே, அந்தக் கேள்வி சூழலியல். எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான்.

அப்புறம், மூன்றாவது மேசையில் கரப்பான்பூச்சி. முகம் சுளிக்காதீர்கள். லென்ஸ் வைத்து உடலின் ஓரத்தைப் பாருங்கள், இரண்டு பக்கமும் சின்னத் துளைகள், மொத்தம் பத்து ஜோடி. அவற்றின் வழியாகத்தான் மூச்சு. காற்று குழாய்களில் நேராகத் திசுக்களுக்கே போய்விடுவதால், ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை அதன் இரத்தத்துக்கு இல்லை. அதனால்தான் அது சிவப்பாகவும் இல்லை.

ஃபார்மலின் ஜாடிகளை மட்டும் திறக்க வேண்டாம். சரி, பத்துப் பத்துப் பேராக உள்ளே வாருங்கள்.