பார்வோ பாதிப்பு: நாய்களைத் தனிமைப்படுத்துவதும் கென்னலைச் சுத்தம் செய்வதும்

கடலூர்
12.11.2024

அன்புள்ள ஐயா,

நேற்று நீங்கள் கொண்டுவந்த லாப்ரடார் குட்டிக்குப் பார்வோ வைரஸ் என்பது பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. டிரிப்ஸ் ஏறுகிறது, வாந்தி சற்றுக் குறைந்திருக்கிறது, ஆனால் இன்னும் ஆபத்துக் கட்டத்தைத் தாண்டவில்லை. இப்போது என் கவலை உங்களிடம் உள்ள மற்ற நான்கு குட்டிகளைப் பற்றித்தான்.

அவற்றையும் தாயையும் இருக்கும் கூண்டிலேயே வையுங்கள், இடம் மாற்ற வேண்டாம். நோய் வெளியே தெரிய பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். அறிகுறி தெரியும் முன்பே மலத்தில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். அதனால் கடைசியாக நோய் கண்ட நாளிலிருந்து 14 நாள் புது நாய் எதையும் சேர்க்காதீர்கள், குட்டி விற்காதீர்கள். உங்களிடம் விட்டுப்போன மூன்று நாய்களின் சொந்தக்காரர்களுக்கு இன்றே போன் செய்து உள்ளதைச் சொல்லிவிடுங்கள். சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் வீட்டில் தடுப்பூசி போடாத குட்டி இருந்தால், நாயை இப்போது அழைத்துப் போகக் கூடாது.

வேலை எப்போதும் நல்ல நாய்களிடம் தொடங்கி, குட்டிகளின் கூண்டில் முடியட்டும். முடிந்தால் அங்கே வேறு ஆள். இல்லையென்றால் அந்தக் கூண்டுக்கென்றே தனிச் செருப்பு, துடைப்பம், வாளி, தட்டு வைத்துக்கொள்ளுங்கள், கையுறை கட்டாயம். இந்த வைரஸ் மனிதருக்கு நோய் தராது, ஆனால் நம் கால் வழியாகவே அடுத்த கூண்டுக்குப் போகும்.

சுத்தம் செய்வதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பினாயில், டெட்டால் வாசனை வந்தால் போதும் என்று நினைக்கிறோம். பார்வோ அவற்றுக்குச் சாகாது. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் வாங்குங்கள். பத்து லிட்டர் வாளித் தண்ணீருக்கு 350 மில்லி. ஆனால் மலமோ வாந்தியோ கிடக்கும் தரையில் ஊற்றினால் மருந்தின் வீரியம் போய்விடும். ஆகவே முதலில் அசுத்தத்தை அள்ளி இரட்டைக் கவரில் கட்டுங்கள், சோப்புத்தூள் போட்டுத் தேயுங்கள், அலசுங்கள், அப்புறம் மருந்துத் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். பிறகு கழுவிக் காயவைத்துத்தான் நாயை விட வேண்டும். வேகமாக ஹோஸ் பீய்ச்ச வேண்டாம், துளி தெறித்துப் பரவும். கரைசலை அன்றன்று கலக்குங்கள். ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். சாக்கு, பழைய துணி, ஊறிப்போன மரப்பலகை எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள்.

பின்புற மணல் முற்றத்தை எந்த மருந்தாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. இந்த மழையில் வெயிலில் காயவிடவும் வழியில்லை. மண்ணில் வைரஸ் பல மாதம், ஒரு வருடம்கூடத் தங்கும். தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே ஒரு வருடம் விடாதீர்கள்.

எந்தக் குட்டியாவது பால் குடிக்காமல் சோர்ந்தால், வாந்தி எடுத்தால், ரத்தப் பேதி வரும்வரை காத்திருக்காதீர்கள்; மெடிக்கல் மாத்திரையும் வேண்டாம். உடனே போன் செய்துவிட்டு வாருங்கள். வண்டியிலேயே இருங்கள், நான் வெளியே வந்து பார்க்கிறேன். வரவேற்பறையில் மற்ற குட்டிகள் இருக்கும்.

நாளை மாலை அங்கே வருகிறேன். எல்லா நாய்களின் தடுப்பூசி அட்டைகளையும் எடுத்து வையுங்கள். அடுத்த ஈற்றுக்கு ஆறு வாரத்திலேயே ஊசி தொடங்கி, 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று என்று அட்டவணை போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்