அக்டோபர் 1, வியாழக்கிழமை: நம் கல்லூரியில் ரத்ததான முகாம்

நாள்: 01.10.2026, வியாழக்கிழமை
நேரம்: காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை. டோக்கன் 1 மணியோடு நிறுத்தப்படும்.
இடம்: கலையரங்கம், தரைத்தளம். பின்வாசல் வழியாக வரவும். முன்வாசலில் ரத்த மையத்தின் வண்டி நிற்கும்.
ரத்தம் எடுப்பவர்கள்: மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை ரத்த மையத்தின் மருத்துவக் குழு
நடத்துபவர்கள்: நாட்டு நலப்பணித் திட்டம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், ரெட் ரிப்பன் கிளப் மாணவர்கள்

அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்ததான நாள். ஆனால் அதற்காக மட்டும் இந்தத் தேதியைப் பிடிக்கவில்லை. மறுநாள் காந்தி ஜெயந்தி விடுமுறை, கொடுத்தவர்கள் நிம்மதியாக ஓய்வெடுக்கலாம். இன்னொன்று, வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கூடவே டெங்குவும் வரும். ரத்தத்திலிருந்து பிரிக்கும் தட்டணுக்களை 5 நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சிவப்பணுக்கள்கூட 42 நாட்கள்தான் தாங்கும். ஒரு வருடத்துக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, யாராவது தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

யார் கொடுக்கலாம்?

18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதாவது 2008 அக்டோபர் 1 அன்றோ அதற்கு முன்போ பிறந்தவர்கள். முதலாமாண்டில் பாதிப் பேருக்கு இன்னும் 17 தான் என்பது தெரியும். பிறந்த தேதி உள்ள ஆதாரோ கல்லூரி அடையாள அட்டையோ பார்க்காமல் உள்ளே விடமாட்டோம், கெஞ்சியும் பயனில்லை. பேராசிரியர்கள், அலுவலக ஊழியர்கள், முன்னாள் மாணவர்கள் எல்லோரும் வரலாம், ஏற்கெனவே கொடுத்தவர்கள் 65 வயது வரை, முதல் முறை கொடுப்பவர்கள் 60 வரை.

எடை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும். 45 முதல் 55 கிலோ வரை உள்ளவர்களிடம் 350 மில்லி எடுப்பார்கள், அதற்கு மேல் எடை உள்ளவர்களிடம் 450 மில்லி வரை எடுக்கலாம். ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து அங்கேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மாணவிகள் பலர் இந்த மேசையோடு திரும்ப வேண்டியிருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரத்தசோகை இருப்பது தெரிந்ததே லாபம். அங்கேயே மருத்துவரிடம் இரும்புச்சத்து மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கொடுத்தவர்கள் இடைவெளியைக் கணக்குப் பார்க்கவும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள். இந்த வருடம் ஜூலை 3-க்குப் பிறகு கொடுத்த மாணவர்களும், ஜூன் 3-க்குப் பிறகு கொடுத்த மாணவிகளும் இந்த முறை பார்வையாளர்கள்தான்.

கடந்த 12 மாதத்தில் பச்சை குத்தியவர்கள், காது மூக்கு குத்தியவர்கள், டைபாய்டு வந்தவர்கள் கொடுக்க முடியாது. டெங்கு வந்து குணமானவர்கள் 6 மாதம் பொறுக்க வேண்டும், மலேரியா என்றால் 3 மாதம். மாதவிடாய் நாட்களிலும் வேண்டாம். ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடுபவர்கள், சமீபத்தில் பல் பிடுங்கியவர்கள், அறுவை சிகிச்சை செய்தவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முடிவு அவருடையது, எங்களுடையது அல்ல.

இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். படிவத்தில் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையை எழுதுங்கள். சில கேள்விகள் சங்கடமாக இருக்கும். நண்பன் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்காமல் இருக்க மறைப்பு போட்டுத் தனி மேசை வைத்திருக்கிறோம். எடுத்த ரத்தம் ஒவ்வொன்றையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, பால்வினை நோய், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிப்பார்கள்தான். ஆனால் தொற்று ஏற்பட்ட ஆரம்ப நாட்களில் எந்தச் சோதனையிலும் அது தெரியாமல் போகலாம். "சும்மா ஒரு டெஸ்ட் ஆகட்டும்" என்று முகாமுக்கு வராதீர்கள். அதற்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது, இலவசம், விவரம் வெளியே போகாது.

காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்

போன முறை மயங்கி விழுந்தவர்கள் பெரும்பாலும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். ஊசியைக் குறை சொல்லிப் பயனில்லை. விடுதியில் அன்று 7 மணிக்கே இட்லி தயாராகிவிடும், மெஸ்ஸில் சொல்லியாயிற்று. வெளியூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருபவர்கள் கலையரங்க வாசலில் எங்களிடம் சொன்னால் டோக்கனைத் தள்ளிப் போட்டுத் தருகிறோம், கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வரலாம். முந்தைய இரவு ஒழுங்காகத் தூங்குங்கள். 24 மணி நேரத்துக்குள் மது அருந்தியிருந்தால் அன்று வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். முழங்கைக்கு மேல் ஏற்றிவிட முடிகிற சட்டை, சுடிதார் போட்டு வந்தால் உங்களுக்கும் வசதி, செவிலியருக்கும் வசதி.

பதிவு, மருத்துவப் பரிசோதனை, ஓய்வு எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகலாம். ரத்தம் எடுப்பது மட்டும் 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வார்கள். முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். சிற்றுண்டி மேசையில் ஜூஸ், பிஸ்கட், வாழைப்பழம் இருக்கும். குறைந்தது 20 நிமிடம் அங்கே உட்கார்ந்திருந்தால்தான் சான்றிதழில் கையெழுத்து.

அன்று மாலை கபடி, வாலிபால் பயிற்சி கிடையாது என்று உடற்கல்வித் துறையில் பேசிவிட்டோம். பைக்கில் வருபவர்கள் தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகே வண்டியை எடுக்கவும். விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் விடுதி மாணவர்கள், தயவுசெய்து அன்று பஸ் படிக்கட்டில் தொங்காதீர்கள். உட்கார இடம் கிடைக்கும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள்.

வீட்டில் "உடம்பு இளைத்துவிடும், வேண்டாம்" என்பார்கள். குறைந்த நீர்ச்சத்து ஓரிரு நாளில் திரும்பிவிடும், சிவப்பணுக்கள் சில வாரங்களில் ஊறிவிடும். அந்த வாரங்களில் முருங்கைக்கீரை, சுண்டல், ஈரல் என்று சாப்பிட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இன்னும் சந்தேகம் என்றால் அவர்களையும் அழைத்து வாருங்கள், மருத்துவரே பேசுவார்.

பணமோ பரிசோ கிடையாது. விலைக்கு ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றம் 1996 தீர்ப்பில் தடுத்துவிட்டது. சான்றிதழும், கொடுக்கும் நேரத்துக்கான ஓ.டி.யும் மட்டும் உண்டு. முழு நாள் ஓ.டி. கேட்டு யாரும் வரவேண்டாம்.

பதிவு செய்ய

வகுப்புப் பிரதிநிதியிடம் உள்ள தாளில் பெயர், வகை, விருப்பமான நேரம் எழுதவும். கடைசி நாள் செப்டம்பர் 29, செவ்வாய் மாலை 4 மணி. ரத்த வகை தெரியாவிட்டால் காலியாக விடுங்கள், அங்கே பார்த்துச் சொல்வார்கள். அறிவியல் துறைகளுக்குக் காலை 9 முதல் 11 வரை, கலை, வணிகவியல் துறைகளுக்கு 11 முதல் 1 வரை. ஆய்வக வகுப்பு உள்ளவர்கள் இடையில் வந்தாலும் சேர்த்துக்கொள்வோம். பெயர் கொடுக்காதவர்களும் நேரே வரலாம், கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

17 வயதுக்காரர்களுக்கும், ஊசி என்றாலே ஒதுங்குபவர்களுக்கும் வேலை இருக்கிறது: டோக்கன் மேசை, சிற்றுண்டி மேசை, கொடுத்தவர்களை நாற்காலி வரை கூட்டி வருவது. விருப்பமுள்ளவர்கள் புதன் மாலை 3.30-க்கு நூலகத்துக்குப் பின்னால் உள்ள என்.எஸ்.எஸ். அறைக்கு வரவும். சந்தேகங்களுக்கும் அதே அறைதான், தினமும் மதிய இடைவேளையில் திறந்திருக்கும்.