நம் வீட்டுத் தீபாவளிப் பலகாரத் திட்டம்: 2026 அக்டோபர் 26 முதல் நவம்பர் 8 வரை

அத்தைக்கும், இரண்டு ஓரகத்திகளுக்கும், முதல் நாளே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கும் நாத்தனாருக்கும் இந்தத் திட்டத்தை எழுதுகிறேன். இவ்வாண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. வீட்டில் ஒன்பது பேர் இருக்கிறோம். உறவிலும் அக்கம்பக்கத்திலுமாக 22 வீடுகளுக்குப் பொட்டலம் போக வேண்டும். டெல்லியில் விடுதியில் படிக்கும் நம் பெரிய பிள்ளைக்கு ஒரு பார்சல் அனுப்ப வேண்டும்.

சென்ற ஆண்டு நான் செய்த பிழையிலிருந்தே இந்தத் திட்டம் பிறந்தது. பச்சைத் தேங்காய்ப் பூரணம் வைத்த சோமாசியைத் தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே செய்து, பொட்டலத்திலும் போட்டு அனுப்பிவிட்டேன். நம் வீட்டில் சாப்பிட்டபோது நன்றாகத்தான் இருந்தது. சம்பந்தி வீட்டில் இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது பூரணம் புளித்திருந்தது. அவர்கள் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ஒரு பலகாரத்தின் ஆயுளை நம் அடுப்பிலிருந்து இறக்கும் நாளை வைத்துக் கணக்கிடுவது போதாது. கடைசியாக அதை வாயில் போடுகிறவர் எந்த நாளில், எந்த ஊரில் போடுவார் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணி வர வேண்டும். கீழே உள்ள தேதிகள் அனைத்தும் அப்படி எண்ணப்பட்டவை.

ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஈரம். மாவை வறுத்து, வெல்லப் பாகிலோ சர்க்கரையிலோ பிடித்த உருண்டையிலும், சலசலப்பு முழுக்க அடங்கும் வரை எண்ணெயில் வெந்த முறுக்கிலும் ஈரம் மிகக் குறைவு என்பதால் அவை மூன்று வாரம் தாங்கும். பால், பச்சைத் தேங்காய், வெந்த பருப்பு ஆகியவை சேர்ந்தவை ஓரிரு நாளில் கெடத் தொடங்கும். இவற்றுக்கு இடையில் நெய்யும் பாகும் சேர்ந்த மைசூர்பாகு, லட்டு, பாதுஷா போன்றவை வரும். ஐப்பசி அடைமழைக் காலம் என்பதால் காற்றிலுள்ள ஈரமும் கணக்கில் சேரும். வெயில் காலத்தில் மொறுமொறுவென்று இருக்கும் தட்டை, மழை நாளில் திறந்த தட்டில் ஒரு மாலைப் பொழுது இருந்தாலே நமுத்துவிடும்.

அக்டோபர் 26, திங்கட்கிழமை, பலகாரம் எதுவும் செய்வதில்லை. டப்பாக்களின் நாள் அது. எல்லா எவர்சில்வர் டப்பாக்களையும் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். வெயில் இல்லையென்றால் துடைத்து, அணைத்த அடுப்பின் சூட்டில் கவிழ்த்து வைத்து உலர்த்த வேண்டும். மூடியின் விளிம்பில் ஒரு சொட்டு ஈரம் நின்றாலும் அந்த டப்பாவை ஒதுக்கி வையுங்கள். அன்றே பச்சரிசியையும் வறுத்த உளுந்தையும் மாவு மில்லில் அரைத்துவிடலாம். தீபாவளி வாரத்தில் மில்லில் காத்திருந்து வரும் மாவில் முந்தியவர் அரைத்த மிளகாயோ மஞ்சளோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

27 அன்று பொருள்விளங்கா உருண்டையும் தீபாவளி லேகியமும் செய்கிறோம். நாட்கள் போகப் போக மேலும் நன்றாகும் பண்டங்கள் இவை இரண்டுமே. லேகியத்துக்கு நல்லெண்ணெயும் நெய்யும் பிரிந்து ஓரத்தில் நிற்கும் வரை கிளற வேண்டும்; இஞ்சிச் சாற்றின் நீர் முழுதும் வற்றாமல் இறக்கினால் மேலே பூசணம் பூக்கும். பீங்கான் ஜாடியில் வைத்து, எடுப்பதற்கென்று ஒரு காய்ந்த கரண்டியை அதனுடனேயே வையுங்கள்.

28 அன்று அதிரச மாவு. ஊறிய பச்சரிசியை வடித்து நிழலில் துணியில் பரப்பி, கையில் பிடித்தால் பிடியாக நிற்கும் அளவு ஈரத்தோடு இடித்து, தண்ணீரில் விட்டால் கையில் உருட்ட வரும் பதத்தில் வெல்லப் பாகு வைத்து அத்தை கிளறித் தருவார்கள். பாகின் பதத்தை அத்தையைத் தவிர யாரும் முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மாவு ஐந்து நாள் ஊறட்டும். மேலே நெய் தடவி, வெள்ளைத் துணி கட்டி, அடுப்படியின் சூடு படாத மூலையில் வைத்து, தினமும் காலையில் ஒரு முறை வாசம் பார்க்க வேண்டும்.

29 தேன்குழல், 30 ரிப்பன் பக்கோடாவும் காராசேவும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். புதிய எண்ணெயில் முதலில் வெள்ளையாக வர வேண்டியது வெந்துவிட வேண்டும். மிளகாய்த்தூள் சேர்ந்தவை அடுத்த நாள். முதல் நாள் எண்ணெயை ஆறியதும் வடிகட்டி மறுநாள் ஒரு முறை பயன்படுத்தலாம், அதற்கு மேல் வேண்டாம். நிறம் கறுத்து, கையில் பிசுபிசுப்பாகப் பட்டால் அந்த எண்ணெயில் பொரித்தது சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். மூன்று வாரம் வைக்கப்போகும் பண்டத்தில் எண்ணெயைச் சிக்கனம் செய்வதில் பொருளில்லை.

தேன்குழல் வெந்ததா என்று பார்க்க, எண்ணெயின் ஓசையைக் கேளுங்கள். மாவு விழுந்ததும் சோவென்று நுரை பொங்கும். பிறகு குமிழ்கள் பெரிதாகி, ஒவ்வொன்றாக நின்று, கடாய் ஏறக்குறைய அமைதியாகும். அப்போதுதான் எடுக்க வேண்டும். ஈடு ஒன்றுக்கு ஒரு முறுக்கை ஆற வைத்து ஒடித்துப் பாருங்கள். நறுக்கென்று முறிந்து, உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் வெளுத்து, பல்லில் ஒட்டுவது போல் இருந்தால் அந்த ஈடு டப்பாவுக்குப் போகக் கூடாது. அதை அன்று மாலையே காபியோடு சாப்பிட்டு முடித்துவிடலாம். சூடாக டப்பாவில் போட்டால் மூடி உள்ளே வேர்த்து, மேலடுக்கு முழுதும் நமுக்கும். இரவு முழுதும் ஆற விட்டாலும் மழைக் காற்று ஏறிவிடும். அகலமான தட்டில் பரப்பி, கைக்குச் சூடே தெரியாத நிலை வந்ததும் உடனே அடைக்க வேண்டும். அச்சடித்த செய்தித்தாளை எண்ணெய் உறிஞ்சவோ டப்பாவில் விரிக்கவோ வேண்டாம். மை பண்டத்தில் ஏறும். வெள்ளைத் துணியோ எண்ணெய்த் தாளோ போதும்.

31, சனிக்கிழமை, டெல்லிப் பார்சல் போகிறது. வழியில் நான்கைந்து நாளும், விடுதி அறையில் பத்து நாளுமாவது தாங்க வேண்டும் என்பதால் பொருள்விளங்கா உருண்டை, தேன்குழல், ரிப்பன் பக்கோடா, காராசேவு, சிறு புட்டியில் லேகியம் ஆகியவற்றை மட்டும் அனுப்புவோம். பிள்ளைக்கு லட்டு பிடிக்கும் என்பது எனக்கும் தெரியும். அதை அவன் விடுமுறைக்கு வரும்போது புதிதாகப் பிடித்துத் தருகிறேன்.

நவம்பர் 1, ஞாயிறு, எல்லோரும் வீட்டில் இருப்பதால் தட்டை. தட்டுவதற்கு ஆள் வேண்டிய வேலை அது. ஊறிய கடலைப்பருப்பைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்தே மாவில் சேருங்கள். தேங்காய்ப் பல் இம்முறை சேர்ப்பதில்லை. 2 அன்று அதிரசம், தனியாகச் சிறு கடாயில், கொஞ்சம் எண்ணெயில். வெல்லம் இறங்கி எண்ணெய் கறுத்துவிடும் என்பதால் அந்த எண்ணெயில் வேறு எதையும் பொரிக்கக் கூடாது. இரண்டு கரண்டிகளுக்கு இடையில் நன்றாக அழுத்தி எண்ணெய் வடித்து, முழுக்க ஆறியபின் அடுக்குங்கள்; நவம்பர் 14க்குள் தீர்த்துவிட வேண்டும்.

3 அன்று எதுவும் வைக்கவில்லை. மழையோ மின்வெட்டோ கேஸ் தீர்வதோ ஏதாவது ஒன்று வரும், அதற்கான நாள் அது. ஒன்றும் வராவிட்டால் எல்லோரும் ஓய்வெடுக்கலாம்.

4 அன்று மிக்சருக்கான ஓமப்பொடி, காராபூந்தி, அவல், வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கறிவேப்பிலை. பொரித்தவற்றைத் தனித்தனி டப்பாவில் வையுங்கள், கலக்க வேண்டாம். ஒன்றின் ஈரம் மற்றொன்றுக்கு ஏறும். வேர்க்கடலைதான் முதலில் காறும், காறினால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 6 மாலை கலந்தால் போதும்.

5 அன்று மைசூர்பாகும் பூந்தி லட்டும். லட்டுக்கு 12 வரையும், மைசூர்பாகுக்கு 17 வரையும் ஆயுள் எழுதியிருக்கிறேன். இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். நெய் உறைந்து மெழுகு போலாகும். 6 அன்று பாதுஷாவும், பால் தெளிக்காமல் நெய்யில் மட்டும் பிடித்த ரவா லாடும். அன்று இரவு பொட்டலம் கட்டுகிறோம்: தேன்குழல், தட்டை, மிக்சர், அதிரசம், மைசூர்பாகு, லட்டு. எண்ணெய்ப் பண்டமும் இனிப்பும் தனித்தனிப் பையில் இருக்க வேண்டும். இனிப்புக் கடையில் உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்த நாள் வரை சாப்பிடலாம் என்று எழுதி வைக்கும் விதி 2020 அக்டோபர் 1 அன்று நாட்டில் நடைமுறைக்கு வந்தது. நம் பொட்டலத்திலும் ஒரு சீட்டில் ‘லட்டை 12க்குள் சாப்பிடவும்’ என்று எழுதி வைத்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சின்ன ஓரகத்தியின் கையெழுத்து அழகு, அந்த 22 சீட்டுகளும் அவர் பொறுப்பு.

7, சனிக்கிழமை, காலையிலேயே பொட்டலங்கள் போய்விட வேண்டும். அதன்பின் நம் வீட்டுக்கு மட்டுமானவை: தேங்காய் பர்பி, குலாப் ஜாமூன், சோமாசி. சோமாசிக்கு இம்முறை கொப்பரைத் துருவலும் பொட்டுக்கடலையும் சர்க்கரையும்தான். ஏலக்காயைத் தவிர வேறெதுவும் வேண்டாம். பர்பியை வெளியில் 10 வரை வைக்கலாம். ஜாமூனைப் பாகோடு ஆற வைத்து, மூடி, குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டில் வைத்து, சாப்பிட அரை மணி முன் வேண்டிய அளவு மட்டும் வெளியே எடுங்கள். அன்று மாலையே பருப்புப் பூரணம் கிளறி, உருட்டி, பெட்டியில் வைத்துவிட்டால் மறுநாள் விடியற்காலை வேலை பாதி குறையும்.

8, தீபாவளியன்று, சுழியமும் உளுந்து வடையும் மட்டுமே அடுப்பில் ஏறும். கங்கா ஸ்நானம் முடிந்து வருகிறவர்களுக்குச் சுடச்சுடக் கொடுத்து, மதியத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மிஞ்சிய சுழியத்தை இரவுக்கு எடுத்து வைப்பதில்லை.

ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் பெயர், செய்த நாள், தீர்க்க வேண்டிய நாள் மூன்றும் இருக்கும். தீபாவளிக்குப் பிறகு வரும் விருந்தாளிகளுக்கு எடுத்து வைக்கும்போது தேதி முந்தியதையே முதலில் எடுங்கள்: முதலில் பர்பி, ஜாமூன், அடுத்து லட்டு, பாதுஷா, சோமாசி, பிறகு ரவா லாடு, அதிரசம், மைசூர்பாகு. முறுக்கு வகைகளைப் பெரிய டப்பாவிலிருந்து நேராக எடுக்காமல், இரண்டு நாளுக்கு வேண்டியதைச் சின்ன டப்பாவுக்கு மாற்றிக்கொண்டு அதிலிருந்து கொடுங்கள். பிள்ளைகளுக்கும் அந்தச் சின்ன டப்பாவையே காட்டிவிடுங்கள். அதைக் கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டில், அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருப்பேன்.