சினாப்ஸ் போடும் கணக்கு: இபிஎஸ்பி, ஐபிஎஸ்பி, சம்மேஷன் – திங்கட்கிழமைத் தேர்வுக்கு

சென்ற முறை இந்தப் பாடத்தின் விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோது ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்கியிருந்தார்கள். "ஐபிஎஸ்பி என்பது ஹைப்பர்போலரைசேஷன்" என்று எழுதி, அதோடு முற்றுப்புள்ளி. அது தவறில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி விளங்கினால் சினாப்டிக் இன்டக்ரேஷன் முழுவதும் விளங்கிவிடும். அதனால் இந்தக் குறிப்பில் அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். விடையை ஆங்கிலத்தில் எழுதுங்கள், புரிந்துகொள்வது தமிழிலேயே நடக்கட்டும்.

முதலில், கூட்டல் எதற்கு? நரம்பும் தசையும் சேரும் இடத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. மோட்டார் நரம்பில் ஓர் இம்பல்ஸ் வந்தால் தசை நாரில் ஓர் ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் நிச்சயம், ஒன்றுக்கு ஒன்று. தண்டுவடத்தில் அப்படி இல்லை. பூனையின் மோட்டார் நியூரானில் ஒரே ஒரு ஒன்-ஏ நார் தரும் இபிஎஸ்பி 0.1 அல்லது 0.2 மில்லிவோல்ட் அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் –70-இல் படுத்திருக்கும் செல்லை –55 வரை எழுப்ப 15 மில்லிவோல்ட் வேண்டும். தனி ஒருவனால் ஆகாத வேலை, ஊர் கூடித்தான் இந்தத் தேரை இழுக்க வேண்டும். ஒரு மோட்டார் நியூரான் மேல் ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள் உட்கார்ந்திருக்கின்றன. சில "சுடு" என்கின்றன, சில "சும்மா இரு" என்கின்றன. எல்லாக் குரலையும் கேட்டு ஒரே ஒரு முடிவு எடுப்பதுதான் இன்டக்ரேஷன். ஷெரிங்டன் மோட்டார் நியூரானை ஃபைனல் காமன் பாத் என்று அழைத்தது இதனால்தான். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் யார் என்ன சொன்னாலும், தசைக்குப் போகும் வழி அது ஒன்றே.

(புத்தகத்துக்குப் புத்தகம் எண்கள் மாறும். ஒன்றில் –70, –55 என்றிருக்கும், இன்னொன்றில் –65, –45 என்றிருக்கும். ஏதாவது ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு விடை முழுக்க அதையே எழுதுங்கள். நடுவில் மாற்றினால் திருத்துபவருக்குச் சந்தேகம் வரும்.)

இபிஎஸ்பி

குளூட்டமேட் வந்து ஆம்பா ரிசெப்டரில் ஒட்டுகிறது, சேனல் திறக்கிறது. இங்கே "சோடியம் சேனல் திறக்கிறது" என்று எழுதாதீர்கள். அந்தச் சேனல் சோடியம், பொட்டாசியம் இரண்டையுமே விடும், அதனால் அதன் ரிவர்சல் பொட்டென்ஷியல் ஏறக்குறைய 0 மில்லிவோல்ட். சோடியம் மட்டும் போகும் சேனலாக இருந்தால் அது +60-ஐ ஒட்டி இருந்திருக்கும். ரெஸ்டிங் நிலையில் சோடியத்தை உள்ளே தள்ளும் விசை மிக அதிகம், பொட்டாசியத்தை வெளியே தள்ளும் விசை குறைவு. ஆகவே நிகரமாகப் பாசிட்டிவ் மின்னூட்டம் உள்ளே வருகிறது, செல் டீபோலரைஸ் ஆகிறது.

ஆக்‌ஷன் பொட்டென்ஷியலோடு ஒப்பிடச் சொன்னால் இவை போதும்: இபிஎஸ்பி கிரேடட், ஆல்-ஆர்-நன் கிடையாது. திறப்பது லிகாண்ட்-கேட்டட் சேனல். தானாகப் பரவாது, போகப் போகத் தேயும். ரிஃப்ராக்டரி காலம் இல்லை. கடைசியாகச் சொன்னதை அடிக்கோடிடுங்கள், அது இல்லாவிட்டால் கூட்டலே நடக்காது.

ஐபிஎஸ்பி

தண்டுவடத்தில் பெரும்பாலும் கிளைசின், மூளையில் பெரும்பாலும் காபா. கிளைசின் ரிசெப்டரும் காபா-ஏ ரிசெப்டரும் குளோரைடு சேனல்கள். காபா-பி வேறு ஜாதி: ஜி-புரோட்டீன் வழியாகப் பொட்டாசியம் சேனலைத் திறக்கும், அதனால் மெதுவாகத் தொடங்கி வெகுநேரம் நீடிக்கும் ஐபிஎஸ்பியைத் தரும்.

இதன் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. நியூசிலாந்தின் டனீடனில் எக்கல்ஸ், புராக், கூம்ப்ஸ் மூவரும் 1951-இல் பூனையின் மோட்டார் நியூரானுக்குள் கண்ணாடி மைக்ரோஎலக்ட்ரோடைச் செருகிப் பதிவு செய்தார்கள். சினாப்ஸில் செய்தி மின்சாரமாகவே தாண்டுகிறது, ரசாயனம் எதுவும் இல்லை என்று பல ஆண்டுகளாக வாதாடி வந்தவர் எக்கல்ஸ். தடுக்கும் நரம்பைத் தூண்டியதும் செல்லுக்குள் வோல்டேஜ் எதிர்ப்பக்கம், நெகட்டிவ் பக்கம், போனது. தன் மின்சாரக் கொள்கையால் இதை விளக்க முடியாது என்று கண்டு அவரே கட்சி மாறினார். 1963-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஐபிஎஸ்பிக்கு எளிய உதாரணம் முழங்கால் ஜெர்க். குவாட்ரிசெப்ஸ் இழுபடும்போது அதன் ஒன்-ஏ நார் குவாட்ரிசெப்ஸ் மோட்டார் நியூரானில் நேராக இபிஎஸ்பி தருகிறது. அதே நாரின் கிளை ஓர் இன்டர்நியூரானைத் தூண்டி, அதன் வழியாக ஹாம்ஸ்ட்ரிங் மோட்டார் நியூரானில் ஐபிஎஸ்பி தருகிறது. ஒரு சினாப்ஸைத் தாண்ட ஏறக்குறைய 0.5 மில்லிசெகண்ட் ஆகும், அதனால் ஐபிஎஸ்பி சற்றுத் தாமதமாகவே தொடங்கும். ஒன்-ஏ நார் நேரடியாக யாரையும் தடுப்பதில்லை. வைவாவில் இது கட்டாயம் வரும்.

டெம்பொரல் சம்மேஷன்

ஒரே சினாப்ஸ், அடுத்தடுத்து இம்பல்ஸ். ஆக்ஸானில் ஓர் இம்பல்ஸ் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் முடிந்துவிடும், ஆனால் அது எழுப்பிய இபிஎஸ்பி தேய்ந்து முடிய அதைவிடப் பல மடங்கு நேரமாகும். முதல் அலை இறங்கி முடியுமுன் இரண்டாவது வந்து அதன் தோளில் ஏறிக்கொள்கிறது. எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதைத் தீர்மானிப்பது டைம் கான்ஸ்டன்ட்:

```
τ = Rm × Cm
V(t) = V0 × e^(-t/τ)
```

எண்ணைப் போட்டுப் பாருங்கள். ரெஸ்டிங் –70, த்ரெஷோல்ட் –55, ஒவ்வொரு இபிஎஸ்பியும் 8 மி.வோ., τ 10 மில்லிசெகண்ட். இம்பல்ஸ்கள் 5 மில்லிசெகண்ட் இடைவெளியில் வந்தால், இரண்டாவது வரும்போது முதலாவதில் 4.85 மிச்சமிருக்கும், மொத்தம் 12.85. செல் –57.15-இல் நிற்கும், இன்னும் போதாது. மூன்றாவது வரும்போது மிச்சம் 7.8, மொத்தம் 15.8. –54.2. சுட்டுவிடும்!

அதே இம்பல்ஸ்கள் 20 மில்லிசெகண்ட் இடைவெளியில் வந்தால்? முதலாவதில் மிச்சம் 1.08 மட்டுமே. மூன்று இல்லை, முந்நூறு வந்தாலும் உச்சம் 9.25 மி.வோ.-வைத் தாண்டாது. எத்தனை வந்தது என்பதைவிட எவ்வளவு நெருக்கமாக வந்தது என்பதே இங்கு முக்கியம்.

ஸ்பேஷியல் சம்மேஷன்

வெவ்வேறு சினாப்ஸ்கள், ஏறக்குறைய ஒரே நேரம். இங்கே தூரம் நுழைகிறது. டெண்ட்ரைட்டின் நுனியில் பிறந்த இபிஎஸ்பி சோமாவுக்கு வருவதற்குள் கசிந்து சிறுக்கிறது:

```
V(x) = V0 × e^(-x/λ)
```

λ என்ற லெங்த் கான்ஸ்டன்ட் அளவு தூரம் வந்தாலே ஏறக்குறைய 37 சதவீதம்தான் மிஞ்சும். டெண்ட்ரைட் தடிமனானால் λ கூடும், மெம்பிரேனில் கசிவு அதிகமானால் குறையும். முடிவு எடுக்கப்படுவது ஆக்ஸானின் இனிஷியல் செக்மென்ட்டில், ஏனென்றால் வோல்டேஜ்-கேட்டட் சோடியம் சேனல்கள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன, த்ரெஷோல்டும் அங்கேதான் குறைவு. ஆகவே ஒரு சினாப்ஸின் செல்வாக்கு அது அந்த இடத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தடுக்கும் சினாப்ஸ்கள் சோமா பக்கம் அதிகம் குவிந்திருப்பதன் பலனும் இதுதான். வாசலில் காவலாள் நின்றால் போதும், ஒவ்வொரு அறையிலும் நிற்க வேண்டியதில்லை.

ரிஃப்ளெக்ஸ் பகுதியில் வரும் ஃபெசிலிட்டேஷன், அக்லூஷன் இரண்டும் இதன் நீட்சி. இரண்டு நரம்புகளைச் சேர்த்துத் தூண்டும்போது, தனித்தனியே த்ரெஷோல்டுக்குக் கீழே நின்ற நியூரான்கள், அதாவது சப்லிமினல் ஃப்ரிஞ்ச், இப்போது சுடும். விளைவு தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையைவிடக் கூடும், அது ஃபெசிலிட்டேஷன். இரண்டு நரம்புகளுமே ஏற்கெனவே சுட வைக்கும் நியூரான்கள் பொதுவாக இருந்தால் விளைவு குறையும், அது அக்லூஷன்.

எல்லோரும் சறுக்கும் இடம்

இதுவரை வெறும் கூட்டல் கழித்தல் போலப் பேசினேன். நிஜத்தில் கூடுவது வோல்டேஜ் இல்லை, கண்டக்டன்ஸ்:

```
Vm = (gL·EL + gE·EE + gI·EI) / (gL + gE + gI)
```

லீக் கண்டக்டன்ஸ் 10 நானோசீமன்ஸ், EL –70 என்று வையுங்கள். இபிஎஸ்பி சேனல்கள் 4 நானோசீமன்ஸ் திறக்கின்றன, EE 0. விடை –700 / 14 = –50. செல் சுடும்.

இப்போது குளோரைடின் ஈக்விலிப்ரியம் பொட்டென்ஷியலும் சரியாக –70 என்று வைத்து, தடுக்கும் சேனல்களை மட்டும் 10 நானோசீமன்ஸ் திறங்கள். –1400 / 20 = –70. ஊசி அசையவே இல்லை! ஹைப்பர்போலரைசேஷன் எங்கே? இல்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துத் திறந்தால் –1400 / 24 = –58.3. த்ரெஷோல்டைத் தொடவில்லை, செல் சுடாது. வெறும் கழித்தலாக இருந்தால் 20-இலிருந்து 0-வைக் கழித்து –50-லேயே நின்றிருக்க வேண்டும். நடந்தது என்ன? திறந்த குளோரைடு சேனல்கள் மெம்பிரேனை ஓட்டையாக்கிவிட்டன, இபிஎஸ்பி கொண்டுவந்த மின்னோட்டம் அதன் வழியே வடிந்துவிட்டது. இதற்குப் பெயர் ஷண்டிங் இன்ஹிபிஷன். ஐபிஎஸ்பியின் வலிமையை ஊசி எவ்வளவு கீழே போனது என்று பார்த்து மட்டும் அளக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இதே சமன்பாடு இன்னொன்றையும் காட்டும். இபிஎஸ்பி கண்டக்டன்ஸை 4-இலிருந்து 8 ஆக்குங்கள். சுடுவதை மறந்து பேசிவ் மெம்பிரேனாக மட்டும் பார்த்தால் –700 / 18 = –38.9. டீபோலரைசேஷன் 20-இலிருந்து 40 ஆகவில்லை, 31 தான். செல் 0-வை நெருங்க நெருங்க டிரைவிங் ஃபோர்ஸ் குறைகிறது, கூட்டலும் சுருங்குகிறது.

பிரீசினாப்டிக் இன்ஹிபிஷனை இதோடு குழப்பாதீர்கள். அங்கே மோட்டார் நியூரானின் மெம்பிரேனில் ஐபிஎஸ்பி எதுவும் இல்லை. ஆக்ஸோ-ஆக்ஸானிக் சினாப்ஸ் வழியாக, தூண்டும் நுனியிலிருந்து வெளியேறும் டிரான்ஸ்மிட்டர் குறைகிறது, அதனால் இபிஎஸ்பியே சின்னதாக வருகிறது. ஒரு குறிப்பிட்ட உள்ளீட்டை மட்டும் அடக்கலாம், மற்றவை அப்படியே இருக்கும்.

கடைசியில் கிளினிக்கல் கேள்வி ஒன்று வரலாம். ஸ்ட்ரிக்னின் கிளைசின் ரிசெப்டரை அடைக்கிறது. டெட்டனஸ் நச்சு இன்டர்நியூரானிலிருந்து கிளைசினும் காபாவும் வெளியேறுவதையே நிறுத்துகிறது. ஒன்று சினாப்ஸின் இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம், ஆனால் இரண்டிலும் ஐபிஎஸ்பி போய்விடுகிறது. கதவு சாத்தும் சத்தமோ லேசான தொடுகையோகூட மோட்டார் நியூரான்களைச் சுட வைக்கும். எதிரெதிர்த் தசைகள் சேர்ந்தே இறுகி, நோயாளி வில்லாக வளைகிறார்.