வேப்பங்குச்சி

வீடியோ காலில் செல்வியின் காதைப் பார்த்ததும் முருகேசன் பேச்சை நிறுத்திவிட்டான். தோடு கிடந்த துளையில் வேப்பங்குச்சி. தோடு எங்கே என்று அவன் கேட்கவில்லை. இரண்டு மாதமாக ஊருக்குப் பணம் போகவில்லை, அப்புறம் எந்த வாயால் கேட்பது?

பினாங்கு ஜார்ஜ் டவுனில் நாங்கள் இருவரும் ஒரே நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் வேலை. நான் ரொட்டி சானாய் போடுகிறேன், அவன் மேசை பார்க்கிறான். சம்பளம் 1,700 ரிங்கிட். சனிக்கிழமை இரவானால் கடை டிவியில் இங்கிலாந்து லீக் ஓடும். தே தாரிக் கொண்டுபோகிற நடையிலேயே பந்தயம் கட்டிவிடுவான். கையில் காசே வேண்டாம், அதுதான் இதில் பெரிய கேடு. ஏஜெண்டுக்கு வாட்ஸப்பில் ஒரு வரி, திங்கட்கிழமை கணக்கு. அரை கோல் விட்டுக்கொடுக்கிற அணி மேல் கட்டினால், ஆட்டம் சமனில் முடிந்தாலும் போட்டது போச்சு. அவனுக்கு அப்படித்தான் நிறைய போனது.

அன்றைக்கு அவன் அம்மா போனை வாங்கியது. "உங்கப்பன் சீட்டாடி வயலை விட்டதைக் கண்ணால பாத்தவன்டா நீ."

"இனிமே கட்ட மாட்டேம்மா. பிள்ளை மேல சத்தியம்."

செல்வி குறுக்கே வந்தாள். "பிள்ளை மேலல்லாம் சத்தியம் பண்ணாதீங்க. கட்ட மாட்டேன்னு சொல்லுங்க, போதும்."

"கட்ட மாட்டேன்."

அடுத்த சனிக்கிழமை சம்பளம் வந்தது. மதியமே போய் ஆயிரம் ரிங்கிட் அனுப்பிவிட்டு, ரசீதைப் படமெடுத்துச் செல்விக்குப் போட்டான். இரவு பதினொரு மணி ஆட்டத்துக்குக் கடை நிரம்பிவிட்டது. ஏஜெண்ட் வழக்கமான மூலையில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன முருகேசு, இன்னிக்கு சத்தத்தையே காணோம்? காசு அடுத்த வாரம் குடு."

முருகேசன் மேசையைத் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். "அண்ணே, பின்னால பாத்திரம் கழுவுற தம்பிய முன்னால அனுப்புங்க. நான் அங்க நிக்கிறேன்."

டிவி தெரியாத இடம் கடையில் அது ஒன்றுதான். ஆனால் சத்தத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கோல் விழுந்து கடையே எழுந்து கத்தியபோது திரும்பிப் பார்த்தேன். குழம்புச் சட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டுக்கொண்டிருந்தவன் குழாயை முழுசாகத் திறந்துவிட்டான்.

போகும்போது ஏஜெண்ட் வேண்டுமென்றே பின்பக்கமாக வந்தான். "உன் டீம்தான்டா ஜெயிச்சுது. நூறு கட்டியிருக்கலாம்."

அவன் பதில் சொல்லவில்லை. சட்டியை மறுபடியும் தேய்த்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

கடை அடைக்கும்போது ஒன்றரை மணி, ஊரில் பதினொன்று. ஐந்தடி நடைபாதையில் நின்று செல்விக்கு அடித்தான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"கட்டலை," என்றான்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.