பொருள்: அப்பாவின் மறைவு – முதல் சந்திப்புக்கு நேரம் வேண்டி

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். என் பெயர் சுமதி, வயது 39. வில்லிவாக்கத்தில் கணவர், ஒன்பது வயது மகன், அம்மாவுடன் இருக்கிறேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கு நீங்கள் ஆலோசனை தருவதாக அலுவலகத் தோழி சொன்னார்.

என் அப்பா பிப்ரவரி 22 அதிகாலை மாரடைப்பில் இறந்தார். ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 69. முந்தைய இரவு பதினொரு மணிக்கு "நெஞ்சு கரிக்கிறது, பாப்பா" என்றார். வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். காலையில் டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். அவர் தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

இது வீட்டில் யாருக்கும் தெரியாது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் "தூக்கத்திலேயே போய்விட்டார், கொடுத்துவைத்தவர்" என்றார்கள். அம்மாவும் அதைத்தான் சொல்லித் தேற்றிக்கொள்கிறார். ஒவ்வொரு முறையும் என் தொண்டை அடைத்துப்போகிறது. அன்றே அழைத்துச் சென்றிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரிடம் கேட்பது?

இப்போதெல்லாம் பதினொரு மணி ஆனால் தூக்கம் வருவதில்லை. எழுந்துபோய் அம்மாவின் மூச்சைப் பார்க்கிறேன், இரவில் மூன்று நான்கு முறை. அப்பாவின் கைப்பேசிக்கு இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன். பசி குறைந்துவிட்டது, வேலைக்கு மட்டும் தவறாமல் போகிறேன். உயிரை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் ஒருபோதும் வந்ததில்லை. நீங்கள் கேட்கக்கூடும் என்பதால் முன்பே சொல்கிறேன். மாத்திரை எதுவும் எடுப்பதில்லை.

உங்களுக்கு எழுத வைத்தது என் மகன்தான். வயிற்று வலி, சளி என்று அவன் சொன்னதற்கெல்லாம் நள்ளிரவில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு முறை ஈ.சி.ஜி.கூட எடுக்கச் சொல்லி அடம்பிடித்தேன். போன வாரம் அவனுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னா நீ அழுவே" என்றான். வலிக்கிறது என்று என்னிடம் சொல்லக் குழந்தை பயப்படும்படி செய்துவிட்டேன்.

அப்பாவை மறக்க உதவுங்கள் என்று கேட்கவில்லை. மகன் தலைவலி என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு நிதானமாக இருக்க வேண்டும். அந்த இரவைப் பற்றி அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். மாசியில் வருடத் திதி வருகிறது. அன்று அப்பா படத்தின் முன் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும். இதற்கு முன் இப்படி யாரிடமும் போனதில்லை. எத்தனை சந்திப்புகள் தேவைப்படும் என்று தெரிவியுங்கள்.

சனிக்கிழமை முழுவதும், மற்ற நாட்களில் மாலை ஆறரைக்கு மேல் வர முடியும். தமிழில் பேசவே விரும்புகிறேன். கட்டண விவரமும் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில் என்னால் பேச முடியாது. மின்னஞ்சலிலேயே பதில் அனுப்புங்கள்.

நன்றியுடன்,
சுமதி